மொட்டு காத்திருக்காது, வீடியோ காத்திருக்கும்

மாடித்தோட்டம் பற்றி யூடியூபில் வீடியோ போடுகிறவள் நான். மதுரையில் திருநகர் பக்கம் வீடு. மொட்டை மாடியில் தொட்டிகளும் வளர்ப்புப் பைகளுமாகத் தோட்டம். கேமரா என் போன்தான். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் நான், கேமரா முன்னால் பேசுவதும் நான், ராத்திரி உட்கார்ந்து எடிட் பண்ணுவதும் கமெண்டுக்குப் பதில் போடுவதும் நான். இப்படித் தனி ஆளாக சேனல் நடத்துகிறவர்களைச் சாய்ப்பது எனக்குத் தெரிந்து இரண்டு விஷயங்கள். ஒவ்வொரு வாரமும் எல்லாவற்றையும் அடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருப்பது ஒன்று. கையில் ஸ்டாக் எதுவும் இல்லாமல் அடுத்த தேதியை நோக்கி ஓடிக்கொண்டே இருப்பது இன்னொன்று. இந்த இரண்டையும் நான் எப்படிச் சமாளிக்கிறேன் என்று முழுசாக எழுதச் சொல்லிப் பலர் கேட்டிருக்கிறார்கள். அதற்குத்தான் இந்தப் பதிவு.

முதலில் என் சித்தி மகனைப் பற்றிச் சொல்கிறேன். விளக்குத்தூண் பக்கமும் அதைச் சுற்றின தெருக்களிலும் இருக்கும் சாப்பாட்டுக் கடைகளைப் பற்றி ஷார்ட்ஸ் போட்டுக்கொண்டிருந்தான். தினம் ஒன்று. சாயங்காலம் ஒரு கடைக்குப் போவான், எடுப்பான், வீட்டுக்கு வந்து அதே ராத்திரி எடிட் பண்ணி ஏற்றிவிட்டுத்தான் படுப்பான். கொஞ்ச நாளில் கமெண்ட் பகுதியைத் திறப்பதையே விட்டுவிட்டான். நல்லா இருக்கு என்று எழுதினவர் மேலேயே அவனுக்கு எரிச்சல் வந்தது. ஒரு நாள் என்னிடம், "அக்கா, எதைப் போட்டாலும் ஒண்ணுதான், எவனும் பாக்கப் போறதில்ல" என்றான். அந்த வாரம் போட்ட வீடியோ உண்மையில் நன்றாகவே ஓடியிருந்தது.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தன் நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பில் பர்ன்அவுட்டைச் சேர்த்தபோது, அதை நோய் என்று சொல்லவில்லை. வேலையிலிருந்து வருகிற ஒரு நிலை என்றுதான் சொன்னது. அதற்கு மூன்று அடையாளங்களைக் கொடுத்திருக்கிறார்கள்: உடம்பிலும் மனசிலும் சக்தி வற்றிப்போவது, செய்கிற வேலை மேலேயே ஒட்டாமலும் கசந்தும் போவது, நம்மால் உருப்படியாக எதையும் செய்ய முடியவில்லை என்ற எண்ணம் வருவது. தம்பியிடம் மூன்றுமே இருந்தன. தூக்கம் போட்டால் சரியாகிவிடும் என்று நாம் நினைப்பது முதல் அடையாளத்தை மட்டும் பார்த்துத்தான். ஆனால் தனியாக வீடியோ போடுகிறவர்களிடம் முதலில் கண்ணில் படுவது இரண்டாவது. கமெண்டைத் திறக்கக் கை கூசுகிறது என்றால் அப்போதே கவனிக்க வேண்டும்.

சரி, என் மாடிக்கு வருகிறேன். ஒரு வீடியோவுக்கு முதல் வார்த்தை பேசுவதற்கு முன்னால் என்னவெல்லாம் நடக்க வேண்டும் என்று பாருங்கள். ட்ரைபாடை மேலே தூக்கிக்கொண்டு போக வேண்டும். காலர் மைக்கைச் சொருகி, அதன் மேல் காற்றுச் சத்தம் ஏறாமல் இருக்க அந்த மயிர்த் துணியை மாட்ட வேண்டும். ஈரமான பைகளை நகர்த்தி இடம் பண்ண வேண்டும். பக்கத்து வீட்டில் மோட்டார் ஓடி முடியும் வரை காத்திருக்க வேண்டும். வெளிச்சம் பார்த்து, போனில் ஃபோகஸையும் எக்ஸ்போஷரையும் பூட்டி, ஒரு தடவை பேசிப் பார்த்து, காதில் போட்டுக் கேட்க வேண்டும். முடிந்ததும் இத்தனையையும் திரும்ப இறக்க வேண்டும். இதற்கே ஒரு மணி நேரம் ஆகிறது. ஒரு வீடியோ எடுத்தாலும் ஒரு மணி நேரம்தான், நாலு எடுத்தாலும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போகாது. பேட்ச்சாக எடுப்பது என்கிற யோசனையே இங்கிருந்துதான் பிறக்கிறது.

ஆனால் செடி சம்பந்தப்பட்ட சேனலில் எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்து வைத்துவிட முடியாது. கத்தரியில் காய் பிடிக்கிற நாளை நான் தீர்மானிக்க முடியாது. அதனால் நான் எடுக்கிற காட்சிகளை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறேன். ஒன்றுக்கு "செடி நேரம்" என்று பேர். கவாத்து, முதல் மொட்டு, பூச்சி விழுந்த இலை, அறுவடை எல்லாம் இதில் வரும். அன்றைக்கு எடுக்காவிட்டால் போச்சு, சிலதுக்கு அடுத்த வருஷம்தான். இன்னொன்று "என் நேரம்". மண் கலவை போடுவது, தொட்டியில் ஓட்டை போடுவது, வேப்பெண்ணெய்க் கரைசல் கலக்குவது, கேள்விகளுக்குப் பதில் சொல்வது. இவற்றை எந்த மாதமும் எடுக்கலாம், எந்த மாதமும் போடலாம். முதல் வகை வந்தபோது எடுக்க வேண்டியது. இரண்டாவது வகைதான் ஸ்டாக். முதல் வகைக்காக மாடியில் எல்லாவற்றையும் ஏற்பாடு செய்கிற நாளில் இரண்டாவது வகையையும் சேர்த்து எடுத்துவிடுவதுதான் என் முறை.

இதை ஒரே ஒரு காலை நேரத்தை வைத்துக் காட்டுகிறேன். மல்லிகைக் கவாத்து.

மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, ஊருக்கு வெளியே இருப்பவர்களும் தொட்டியில் வைத்துப் பார்க்கிறேன் என்று நிறையக் கேட்கிறார்கள். நவம்பர் கடைசி வாரம் அதைக் கவாத்து செய்கிற நேரம். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் வெட்டிவிட்டு, காய்ந்த குச்சிகளையும் பழைய இலைகளையும் எடுத்துவிட்டால், தை மாசியில் புதுத் துளிர் வந்து பங்குனியில் பூ பிடிக்கும். வடகிழக்குப் பருவமழை அப்போதும் விட்டிருக்காது என்பதால் நாளைக் குறித்து வைக்க முடியாது. இரண்டு மூன்று நாள் வெயில் காய்ந்தால் உடனே இறங்க வேண்டும். ஆக இது பக்காவான செடி நேரம்.

இந்தக் காலையில் நான் எடுப்பது நாலு வீடியோ. கவாத்து வீடியோவை அதே வாரம் ஏற்றுவேன், ஏனென்றால் பார்க்கிறவர்களும் அப்போதுதான் வெட்ட வேண்டும். வெட்டின குச்சிகளிலேயே அரையடி நீளத்தில் இரண்டு மூன்று கணு இருக்கிற மாதிரித் துண்டு போட்டு நட்டால் ஒன்றரை, இரண்டு மாதத்தில் வேர் பிடிக்கும். அது இரண்டாவது வீடியோ. நடுவதை அன்றைக்கு எடுத்து, வேரைக் காட்டுவதை ஜனவரியில் எடுத்து, பிப்ரவரியில் போடுவேன். மூன்றாவது, மேல் மண்ணைக் கிளறித் தொழுவுரம் போடுவது. இதை எப்போது வேண்டுமானாலும் போடலாம். நாலாவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது: இலை ஏன் மஞ்சளாகிறது என்பது. கவாத்து செய்துவிட்டால் மஞ்சள் இலையும் குப்பைக்குப் போய்விடும், அப்புறம் காட்டுவதற்குச் சாட்சி இருக்காது. அதனால் கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன்னால் நோய் இலைகள், பூச்சி தின்ற இலைகள், அடியில் சிவப்புச் சிலந்தி வலை பின்னின இலைகள் எல்லாவற்றையும் கிட்டத்தில் வைத்து எடுத்துவிடுவேன். அவற்றை எந்த வீடியோவில் போடப்போகிறேன் என்று அப்போது தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை.

எடுக்கிற வரிசை முக்கியம். முதலில் இலைகள், ஏனென்றால் ஏழு மணி வெளிச்சம் மிருதுவாக இருக்கும். அடுத்து நாலு வீடியோவுக்கும் நான் முகம் காட்டிப் பேசுகிற பகுதிகள், ஒன்றன்பின் ஒன்றாக. கை சுத்தமாக இருக்கிறது, ஏப்ரனில் மண் படவில்லை, குரலும் புதுசாக இருக்கிறது. அதற்கப்புறம் கவாத்து, அப்புறம் குச்சி நடவு, கடைசியில் தொழுவுரம். அழுக்காகிற வேலை எப்போதும் கடைசி. வீடியோவை ஒன்று ஒன்றாக முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போனால், ஒவ்வொன்றுக்கும் நடுவில் கை கழுவி, மைக்கைத் திரும்ப மாட்டி, கேமராவை நகர்த்தி, பாதி நேரம் அதிலேயே போய்விடும். அதனால் வீடியோ வாரியாகப் பிரிக்காமல் வேலை வாரியாகப் பிரிக்க வேண்டும்.

குரலைப் பற்றி ஒரு வார்த்தை. தொடர்ந்து பேசினால் எங்கே களைத்துப்போகிறோம் என்று நமக்கே தெரியாது, எடிட்டில்தான் தெரியும். டைம்லைனில் நாலாவது வீடியோவின் ஒலி அலை முதலாவதைவிடக் குட்டையாக இருக்கும். வாக்கியம் முடிகிற இடத்தில் குரல் கீழே விழும். "வந்து", "அதாவது" எல்லாம் கூடிப்போயிருக்கும். எனக்கு நாலு பேச்சுக்கு மேல் இது நிச்சயமாக வந்துவிடுகிறது, அதனால் நாலோடு நிறுத்திவிடுவேன். கை மட்டும் தெரிகிற காட்சிகளுக்கு அன்றைக்குப் பேசவே மாட்டேன். இன்னொரு நாள் உள்ளறையில் பீரோவைத் திறந்துவைத்து, அடுக்கியிருக்கிற புடவைகளுக்கு எதிரே உட்கார்ந்து வாய்ஸ் ஓவர் கொடுப்பேன். துணி எதிரொலியைக் குடித்துவிடுகிறது. காசு கொடுத்து ஃபோம் வாங்கி ஒட்ட வேண்டிய அவசியமே வரவில்லை.

வெளிச்சத்தில் எங்கள் ஊர் மாடிகளுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. மதுரை வெயிலுக்குப் பயந்து எல்லோரும் பச்சை நிழல் வலை கட்டியிருப்போம். அதன் அடியில் நின்று எடுத்தால் முகம், மண், இலை எல்லாவற்றிலும் பச்சை ஏறிவிடும். சாதாரண வீடியோவில் இது பெரிய விஷயமில்லை. இலை மஞ்சளாவதைக் காட்டுகிற வீடியோவில் இதுதான் விஷயமே. இரும்புச்சத்துக் குறைந்தால் இளம் இலையில் நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும், நடுப்பகுதி வெளிறிப்போகும். ஆழ்குழாய் உப்புத் தண்ணீர் ஊற்றுகிற மாடிகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். பச்சை வலைக்குக் கீழே எடுத்தால் அந்த வெளிறல் கேமராவில் தெரியவே தெரியாது. பார்க்கிறவர் தன் செடியோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியாது.

நான் செய்வது இதுதான். வலைக்கு வெளியே, நாலு குச்சி நட்டு, என் வீட்டுக்காரருடைய பழைய எட்டு முழ வேட்டி ஒன்றை மேலே கட்டிவிடுவேன். நல்ல வெள்ளை வேட்டி வெயிலைச் சல்லடை போட்டு மெதுவாக இறக்கும், நிறத்தை மாற்றாது. இலைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து வொயிட் பேலன்ஸைப் பூட்டிவிட்டால் நாலு வீடியோவும் ஒரே நிறத்தில் வரும். எடிட்டில் நிறத்தைத் திருத்திக்கொண்டு உட்கார வேண்டிய வேலை போய்விடும். ஒன்பதரைக்கு மேல் காற்று எழும்பி வேட்டி படபடக்க ஆரம்பித்தால் அன்றைய ஷூட் முடிந்தது என்று அர்த்தம்.

இன்னும் இரண்டு ஏற்பாடுகள் இருக்கின்றன. சின்னவைதான், ஆனால் இவை இல்லாவிட்டால் மொத்தமாக எடுத்தது வீணாகிவிடும். நவம்பரில் எடுத்துப் பிப்ரவரியில் போடுகிற வீடியோவில் "நேத்து பெஞ்ச மழையில" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் அந்த வீடியோவைத் தூக்கிப் போட வேண்டியதுதான். அதனால் "என் நேரம்" வீடியோக்களில் நாள், மழை, பண்டிகை, உர மூட்டை விலை எதையும் வாயில் எடுக்க மாட்டேன். விலை சொல்ல வேண்டுமென்றால் விவரப் பகுதியில் எழுதுவேன், அதை மாற்றிக்கொள்ளலாம். எனக்குப் பின்னால் நிற்கிற செடியும் நாளைக் காட்டிக்கொடுக்கும். போன வாரம் பழுத்திருந்த தக்காளி இந்த வாரம் பூவில் நின்றால் உடனே ஒருவர் கேட்டுவிடுவார். கறிவேப்பிலை, கற்றாழை, ஓமவல்லி இந்த மூன்றையும்தான் பின்னால் அடுக்கி வைத்திருக்கிறேன், வருஷம் முழுக்க ஒரே மாதிரி நிற்கும். உடுப்பு விஷயத்தில், நாலு வீடியோவுக்கு நாலு தடவை மாற்றுகிறவர்கள் உண்டு. எனக்கு அது வேண்டாத வேலை. எப்போதும் அதே சாம்பல் நிற ஏப்ரன்தான். இப்போது அதைப் பார்த்தே சேனலை அடையாளம் சொல்கிறார்கள்.

அந்தக் கவாத்துக் காலையில் இன்னொரு வேலையும் ஆரம்பிக்கும். வெட்டின செடி முழுசாகத் தெரிகிற மாதிரி ட்ரைபாடை வைத்து, மூன்று காலும் நிற்கிற இடத்தில் தரையில் நெயில் பாலிஷால் புள்ளி வைத்துவிடுவேன். அதிலிருந்து பங்குனி வரை, ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் ஊற்றப் போகும்போது அந்தப் புள்ளிகளில் ட்ரைபாடை நிறுத்தி இருபது விநாடி எடுப்பேன். பேச்சில்லை, மைக் இல்லை. பூ பூக்கிற அன்று இந்தத் துண்டுகளை வரிசையாக அடுக்கினால், மொட்டைக் குச்சி வெள்ளைப் பூவாகிற காட்சி ஒரு ஷார்ட்ஸாகக் கிடைக்கும். கவாத்துச் செய்தால் செடி செத்துப்போகாதா என்று கேட்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் நான் பேசினதில் இல்லை.

இதெல்லாம் எடுத்தபிறகு என் அத்தை கேட்டார், "இம்புட்டையும் எடுத்து வச்சு என்ன பண்ணப் போற? ஒரே நாள்ல போட்டு விட்டுற வேண்டியதுதான?" ஸ்டாக் என்று நான் விளக்க ஆரம்பித்ததும் அவரே முடித்துவிட்டார். "சரித்தா, வெயில் காயுறப்பவே வத்தல் போட்டு வச்சுக்கிறாப்புல." அதேதான்.

இங்கே ஒரு கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும். பேட்ச்சாக எடுத்தால் வேலை பாதியாகிவிடும் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். ஆகாது. எட்டு நிமிட வீடியோ ஒன்றைத் தனியாக எடுத்தால் எனக்கு யோசித்துக் குறிப்பெழுத 1 மணி நேரம், மாடியில் ஏற்றி இறக்க 1, எடுக்க 1½, எடிட் பண்ண 5, தம்ப்நெயில் தலைப்புக்கு 1, ஆக 9½ மணி நேரம் ஆகிறது. நாலுக்கு 38. அதே நாலையும் மொத்தமாகச் செய்தால் யோசிக்க 2½, ஏற்றி இறக்க 1½, எடுக்க 5, எடிட்டுக்கு 18, தம்ப்நெயிலுக்கு 3, ஆக 30 ஆகிறது. மிச்சம் 8 மணி நேரம். நல்ல மிச்சம்தான். ஆனால் அந்த 30-இல் 18 எடிட்டிங் என்பதைப் பாருங்கள். நிறத்தைத் திருத்துகிற வேலை போனதாலும், தலைப்பு அட்டையும் இசையும் நாலுக்கும் ஒன்றாக இருப்பதாலும் ஒவ்வொன்றிலும் அரை மணி நேரம் குறைந்தது, அவ்வளவுதான். பேட்ச் ஷூட் குறைப்பது ஏற்பாட்டையும் யோசனையையும்தான். வெட்டி ஒட்டுகிற வேலையை அது பெரிதாகத் தொடாது.

அதனால் வாரத்துக்கு எத்தனை வீடியோ என்பதை எடுக்கிற வேகத்தை வைத்து முடிவு பண்ணக்கூடாது. ஒரே காலையில் நாலு எடுத்துவிட்ட உற்சாகத்தில் வாரம் இரண்டு என்று அறிவித்துவிட்டால், இரண்டாவது வாரமே எடிட்டிங் கழுத்தைப் பிடிக்கும். எனக்கு வாரத்தில் நாலு ராத்திரி, தலைக்கு ஒன்றரை மணி நேரம் எடிட்டுக்குக் கிடைக்கும், ஆக 6 மணி நேரம். ஒரு வீடியோவுக்கு 4½ போக 1½ மிச்சம். அந்த மிச்சம்தான் தம்ப்நெயிலுக்கும், பிள்ளைக்குக் காய்ச்சல் வருகிற வாரத்துக்கும். ஆகவே வாரம் ஒன்று, ஞாயிறு காலை ஆறு மணி. யூடியூப் ஸ்டூடியோவில் ஏற்றும்போதே `Schedule` போட்டுத் தேதியும் நேரமும் கொடுத்துவிட்டால் அந்த நேரம் வரை வீடியோ வெளியில் தெரியாது. ஆறு மணி என்பதில் மந்திரம் எதுவும் இல்லை. வெளியிடுகிற நேரம் வீடியோவின் நீண்டகால ஓட்டத்தை நேரடியாகப் பாதிப்பதாகத் தெரியவில்லை என்று யூடியூபே தன் உதவிப் பக்கத்தில் சொல்லியிருக்கிறது. தோட்டக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்தில் டீயோடு மாடிக்கு வருவார்கள், அதற்காகத்தான்.

ஸ்டாக் எப்போதும் மூன்று. எடிட் முடிந்து, தம்ப்நெயில் போட்டு, தேதி குறித்துவைத்த மூன்று. எடிட் பண்ணாத ஃபுட்டேஜை நான் ஸ்டாக்கில் சேர்ப்பதில்லை. அது ஹார்ட் டிஸ்கில் இருக்கிற கடன். மூன்றுக்கு மேல் சேர்ந்தால் அதிகப்படியாக வெளியிடுவதும் இல்லை. கூடுதலாகப் போட்டுவிட்டால் அப்புறம் பார்க்கிறவர்களும் நானும் அந்த வேகத்துக்குப் பழகிவிடுவோம். ஸ்டாக் ஒன்றுக்கு வந்துவிட்டால் ஷார்ட்ஸை நிறுத்திவிட்டு, அடுத்த இரண்டு வாரமும் எளிமையான வீடியோ மட்டும்: கேமரா ஒரே இடத்தில், வெட்டு குறைவு, பெரும்பாலும் கேள்வி பதில். இந்தச் சட்டம் இருப்பதால்தான் எனக்கு ஞாயிற்றுக்கிழமை பயமில்லை.

கேள்வி பதில் என்று சொன்னேன் இல்லையா, என் யோசனைகள் எல்லாம் அங்கேயிருந்துதான் வருகின்றன. ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு செடி, அதன் கீழே பார்வையாளர் கேட்ட கேள்வி, அவர் சொன்ன வார்த்தையிலேயே. மல்லிகைப் பக்கத்தில் ஒரே கேள்விதான் பல உருவத்தில் இருக்கிறது: பூக்கவில்லை. ஒருவர் "செடி தளதளன்னு இருக்கு, பூ மட்டும் இல்ல" என்கிறார். அவருக்கு வெயில் போதவில்லை, அல்லது தழைச்சத்து அதிகம். இன்னொருவர் "மொட்டு ஊதா கலர் ஆகி உதிருது" என்கிறார். அது மொட்டுப்புழு குடைந்தது. மூன்றாமவர் இலை வெளிறிவிட்டது என்கிறார். அவருக்கு லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்புக் கரைத்துத் தெளிக்கச் சொல்ல வேண்டும். நாலாமவர் கவாத்தே செய்யவில்லை. "மல்லிகை ஏன் பூக்கவில்லை" என்று ஒரு நீண்ட வீடியோவில் நாலையும் மேலோட்டமாகச் சொல்லிவிட்டு, பிறகு ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்தால் நாலு வீடியோ கிடைக்கும். அதில் யாரும் பழசைத் திரும்பப் போடுகிறாள் என்று சொல்லவில்லை, ஏனென்றால் மொட்டுப்புழு வந்தவருக்கு அந்த ஒன்றுதான் வேண்டும்.

அடுத்த வருஷம் நவம்பரில் கவாத்தைப் பற்றித் திரும்பவும் போட்டாக வேண்டும். அப்போது போன வருஷத்து வீடியோவின் `Audience retention` வரைபடத்தைத் திறந்து பார்ப்பேன். ஜனங்கள் பின்னோக்கி இழுத்துத் திரும்பப் பார்த்த இடத்தில் கோடு மேலே முட்டிக்கொண்டு நிற்கும். எனக்கு அது கணுவுக்கு மேலே எந்தச் சாய்வில் வெட்டுவது என்கிற இடத்தில் நின்றது. புது வீடியோவை அந்த வெட்டிலிருந்தே ஆரம்பித்தேன், அதை மட்டும் மூன்று குச்சியில் செய்து காட்டினேன். நோட்டில் சேர்ந்திருந்த புதுக் கேள்விகளும் அதில் போயின. யோசனை பழசு, ஷூட் புதுசு. பழைய வீடியோவையே தலைப்பை மாற்றி ஏற்றுவதை நான் செய்ய மாட்டேன். ஏற்கெனவே பார்த்தவர் ஏமாந்துபோவார். ஒரே மாதிரி வீடியோக்களை மறுபடி மறுபடி ஏற்றுகிற சேனலுக்கு விளம்பர வருமானத்தை நிறுத்தவும் யூடியூபின் விதிகளில் இடமிருக்கிறது. என் பழைய காட்சிகளை நான் எடுத்துக்கொள்வது வேறு விஷயம். ஃபோல்டர்களைச் செடிவாரியாக இப்படி வைத்திருப்பதால் பழைய இலைக் காட்சியைத் தேடி அலைவதில்லை:

```
malli/
  01_pechu/
  02_kai/
  03_ilai_noi/
  04_vaaram/
```

முதலாவதில் நான் பேசினது, இரண்டாவதில் கை வேலை, மூன்றாவதில் நோய் இலைகள், நாலாவதில் நெயில் பாலிஷ் புள்ளியிலிருந்து எடுத்த வாராந்திரத் துண்டுகள். மூன்றாவது ஃபோல்டர்தான் காலம் போகப்போக விலை ஏறுகிறது. சிவப்புச் சிலந்தி வேண்டுமென்றால் எல்லா மாதமும் கிடைக்காது.

சித்திரை வந்தால் ஷூட்டை நிறுத்திவிடுவேன். பல போன்கள் 35 டிகிரி வரை உள்ள வெப்பத்தில் இயங்கத்தான் வடிவமைக்கப்பட்டவை. எங்கள் மாடியில் அந்த மாதம் காலை பத்து மணிக்கே அது தாண்டிவிடும், எச்சரிக்கை காட்டி ரெக்கார்டிங்கை அதுவே நிறுத்திக்கொள்ளும். கூடவே திருக்கல்யாணம், தேர், அழகர் ஆற்றில் இறங்குவது என்று வீடு முழுக்க விருந்தாளிகள். தெருவெல்லாம் மைக் செட். அந்த நாட்களுக்கு என்று மாசியிலேயே ஒரு பேட்ச் கூடுதலாக எடுத்து, ஸ்டாக்கை மூன்றிலிருந்து ஐந்தாக ஏற்றிவிடுவேன். அழகர் பார்க்கப் போகிற அன்று ஞாயிறாக இருந்தாலும் வீடியோ தானாகப் போய்விடும். மற்ற மாதங்களில் ஷூட்டுக்கு நாள் பார்க்க எனக்கு ஒரு வழி உண்டு. மாதாந்திரப் பராமரிப்புக்காக எங்கள் பகுதியில் பகல் முழுக்க மின்தடை என்று பேப்பரில் வந்தால், முந்தின ராத்திரியே எல்லாவற்றையும் சார்ஜ் போட்டுவைத்துவிடுவேன். அன்றைக்கு மோட்டார் இல்லை, மிக்ஸி இல்லை, டிவி இல்லை. தெருவே அடங்கிக் கிடக்கும். வேட்டியை இறுக்கக் கட்டினால் பதினொன்று வரைக்கும் கூடப் பேசலாம்.

இந்த முறை எல்லா சேனலுக்கும் அப்படியே பொருந்தாது. தம்பி திரும்ப ஆரம்பித்தபோது நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து அவனுக்கு வேறு மாதிரிப் போட்டோம். கடைச் சாப்பாட்டை ஒரே ராத்திரியில் நாலு இடத்தில் எடுத்தால் நாலாவது கடையில் வயிறு இடம் கொடுக்காது. அப்போது ருசியைப் பற்றி அவன் சொல்வது உண்மையாக இருக்காது. அதனால் ஒரே தெருவில் இரண்டு கடை, அதற்கு மேல் வேண்டாம் என்று வைத்தான். முதல் கடையில் கல்லில் பரோட்டா வீசுவது, சால்னா ஊற்றுவது, கூட்டம் எல்லாம் எடுத்துச் சாப்பிட்டு, சொல்ல வேண்டியதை அங்கேயே போனில் குரலாகப் பதிந்துகொள்கிறான். பிறகு ஒரு மணி நேரம் சும்மா நடந்துவிட்டு இரண்டாவது கடை. அன்றைக்கு எடிட் கிடையாது. வாரத்தில் ஒரு ராத்திரி ஷூட், இரண்டு ஷார்ட்ஸ், இடையில் எடிட். தினம் ஒன்று போட்டபோது வந்த பார்வைகள் இப்போது மொத்தமாகக் குறைவுதான். ஒவ்வொரு வீடியோவும் தனித்தனியாக முன்னைவிடக் கூடுதலாகப் பார்க்கப்படுகிறது. கமெண்டைக் காலையில் ஒரு தடவை, அரை மணி நேரம் மட்டும் திறக்கிறான். போன வாரம் ஒருவர், கறி தோசை போடுகிற கல்லை எப்படிப் பழக்குகிறார்கள் என்று கேட்டிருந்தார். அதை என் நோட்டு மாதிரியே ஒரு நோட்டில் எழுதி வைத்துவிட்டு, எனக்குப் படம் எடுத்து அனுப்பினான்.